பால் பாக்கெட்டில் எந்தச் சதவீதத்தைப் பார்த்து வாங்குவது? எடைக் கணக்கும் கலோரிக் கணக்கும்: ஓர் ஒப்பீடு

'90 சதவீதம் கொழுப்பற்றது' என்று ஒரு பால் பாக்கெட்டில் அச்சிட்டிருந்தால், நம்மில் பெரும்பாலோர் அதை இளைத்த, லேசான பால் என்றே எண்ணுவோம். உண்மையில் அது கறந்த எருமைப் பாலைவிடக் கொழுப்பு மிகுந்த பாலாக இருக்கும். 90 போக மீதம் 10. அதாவது, 100 கிராம் பாலில் 10 கிராம் கொழுப்பு. எருமைப் பாலில் பொதுவாக 6 முதல் 8 கிராம் வரை கொழுப்பு இருக்கும். ஆகவே எந்த ஆலையும் தொடாத எருமைப் பாலே 92, 93 சதவீதம் 'கொழுப்பற்றது' ஆகிவிடுகிறது. பசும்பாலோ மடியிலிருந்து இறங்கும்போதே 96 சதவீதம் கொழுப்பற்றது. அமெரிக்காவில் காப்பியில் ஊற்றிக்கொள்வதற்காகப் பாலும் கிரீமும் கலந்து 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்ற பெயரில் விற்கிறார்கள்; அதற்குச் சட்டம் விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொழுப்பு 10.5 சதவீதம். நம் கற்பனைப் பாக்கெட் ஏறக்குறைய அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இந்த வாசகத்தில் பொய் எதுவும் இல்லை. அது எடையைச் சொல்கிறது. வாங்குபவர் அதை உணவின் சத்தைப் பற்றிய கூற்றாகப் படித்துக்கொள்கிறார். அதே 10 சதவீதப் பாலின் கலோரியைக் கணக்கிட்டால், அதில் முக்கால் பங்கு கொழுப்பிலிருந்து வருவது தெரியும். எடையில் பத்தில் ஒன்றாக இருப்பது கலோரியில் நான்கில் மூன்றாக ஆவது எப்படி, கடையில் எந்தப் பாக்கெட்டை எடுப்பது என்று முடிவு செய்யும்போது இந்த இரண்டில் எதை நம்புவது என்பதையே இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில், எடைக் கணக்கை ஒரு மோசடியாகப் பார்க்க வேண்டியதில்லை. அது பால் தொழிலின் இயல்பான மொழி. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் மாட்டுக்காரர் ஊற்றும் பாலுக்கு விலை போடுவது இரண்டு எண்களை வைத்துத்தான்: ஒன்று கொழுப்பு, மற்றது கொழுப்பு நீங்கலான திடப்பொருள். இரண்டாவதை எல்லோரும் எஸ்.என்.எஃப் என்றே சொல்கிறார்கள். கொழுப்பைக் காண நெடுங்காலமாகக் கையாளப்படும் கெர்பர் முறையில், ஒரு கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலத்தையும் 10.75 மில்லி பாலையும் ஒரு மில்லி அமைல் ஆல்கஹாலையும் விட்டுச் சுழற்றுவார்கள். அமிலம் புரதத்தைக் கரைத்துவிடும். கொழுப்பு தனியே பிரிந்து, குழாயின் மெல்லிய கழுத்தில் வந்து நிற்கும். அங்கே பொறித்திருக்கும் கோடுகள் எடைச் சதவீதத்தை நேரடியாகக் காட்டிவிடும். எவ்வளவு வெண்ணெய் எடுக்கலாம், யாருக்கு எவ்வளவு பணம் தருவது என்பதற்கெல்லாம் இதைவிட நேர்மையான அளவு கிடையாது. சிக்கல் குழாய் காட்டும் 3 சதவீதம் போன்ற எண்ணில் இல்லை. அதை 100-லிருந்து கழித்து, மீதம் வரும் 97-ஐப் பெரிய எழுத்தில் போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்த 97-க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும். பாலில் ஏறத்தாழ 87, 88 சதவீதம் தண்ணீர். தண்ணீருக்குக் கலோரி இல்லை. ஆனால் எடைக் கணக்கில் அது மற்ற எல்லாவற்றையும் தன் பங்கால் சிறிதாக்கிக் காட்டுகிறது. இந்தத் தண்ணீரை மனத்தளவில் வற்றச் செய்துவிட்டு, மிச்சமிருக்கும் 12, 13 கிராம் திடப்பொருளில் கொழுப்பு எவ்வளவு என்று கேட்டால் பங்கு உடனே உயர்ந்துவிடும். அதற்கு மேல் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஒரு கிராம் புரதமோ சர்க்கரையோ 4 கலோரிதான் தரும். எடையில் ஒன்றுக்கு ஒன்றாக இருந்தவை கலோரியில் ஒன்பதுக்கு நான்காகிவிடுகின்றன.

சமன்படுத்தப்பட்ட பாலை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அதில் குறைந்தது 3 சதவீதம் கொழுப்பும் 8.5 சதவீதம் எஸ்.என்.எஃப்-உம் இருக்க வேண்டும். அந்த 8.5-இல் புரதம் சுமார் 3.1 கிராம், பாற்சர்க்கரை 4.7 கிராம், தாது உப்புகள் 0.7 கிராம் என்று கொள்ளலாம். கொழுப்பின் கலோரி 3 முறை 9, அதாவது 27. புரதமும் சர்க்கரையும் சேர்ந்த 7.8 கிராமுக்கு நான்கு நான்காக 31. தாது உப்புகளுக்குக் கலோரி இல்லை. மொத்தம் 58. இந்த 58-இல் 27 என்பது 46 சதவீதம். '97 சதவீதம் கொழுப்பற்றது' என்று சட்டப்படி நிரூபிக்கக்கூடிய பாலில், உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது.

இதே கணக்கைக் கடையில் கிடைக்கும் மற்ற வகைகளுக்கும் போட்டால் கீழ்க்கண்டவாறு வருகிறது. ஆவின் பாக்கெட்டுகளை நிறத்தைச் சொல்லியே கேட்டுப் பழகியவர்களுக்காக: நீலம் சமன்படுத்தப்பட்ட பால், பச்சை நிலைப்படுத்தப்பட்ட பால், ஆரஞ்சு நிறை கொழுப்புப் பால். மற்ற நிறுவனங்களின் நிறங்கள் வேறாக இருக்கலாம். ஆனால் பெயருக்குப் பின்னால் உள்ள அளவுகள் நாடு முழுவதும் ஒன்றே.

| பால் வகை | 100 கிராமில் கொழுப்பு | 'கொழுப்பற்றது' என்றால் | 100 கிராமில் கலோரி | கலோரியில் கொழுப்பின் பங்கு |
|---|---|---|---|---|
| நிறை கொழுப்பு | 6 கிராம் | 94% | 87 | 62% |
| நிலைப்படுத்தப்பட்டது | 4.5 கிராம் | 95.5% | 72 | 56% |
| சமன்படுத்தப்பட்டது | 3 கிராம் | 97% | 58 | 46% |
| இருமுறை சமன்படுத்தப்பட்டது | 1.5 கிராம் | 98.5% | 47 | 29% |

மூன்றாவது நிரலை மேலிருந்து கீழாகப் படித்தால் 94, 95.5, 97, 98.5. நான்கும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கிய மாணவனுக்கும் தொண்ணூற்றெட்டரை வாங்கிய மாணவனுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று நினைப்பதுபோல நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் இரண்டாவது நிரலில் முதல் பாலின் கொழுப்பு கடைசிப் பாலின் கொழுப்பைப்போல நான்கு மடங்கு. 'இவ்வளவு சதவீதம் அற்றது' என்ற வாசகத்தின் குறை இதுதான்: அது கொழுப்பைப் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ அல்ல, வகைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. ஒப்பிட்டு வாங்க நினைப்பவருக்கு இதைவிடப் பயனற்ற எண் இருக்க முடியாது.

ஐந்தாவது நிரல் வேறுபாட்டைக் காட்டுகிறது. ஆனால் அதுவும் வேறொரு விதத்தில் வளைந்திருக்கிறது. 6-லிருந்து 3-க்கு இறங்கும்போது கொழுப்பு சரிபாதியாகிறது, பங்கோ 62-லிருந்து 46-க்குத்தான் வருகிறது. கொழுப்பைக் குறைக்கும்போது மொத்தக் கலோரியும் கூடவே குறைவதால், பங்கு மெதுவாகவே இறங்கும். எனவே 62-க்கும் 46-க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து 'கால் பங்குதான் குறைந்திருக்கிறது' என்று எண்ணுவது தவறு.

இங்கே ஒரு சோதனையைச் செய்து பார்த்தால் இரண்டு கணக்குகளின் இயல்பும் வெளிப்பட்டுவிடும். நிறை கொழுப்புப் பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று கலப்போம். எடைக் கணக்கில் கொழுப்பு 6-லிருந்து 3 ஆகிவிடும். இப்போது அதுவும் '97 சதவீதம் கொழுப்பற்றது'. சமன்படுத்தப்பட்ட பாலும் 97 சதவீதம் கொழுப்பற்றதே. வாசகத்தை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. ஆனால் கலோரிக் கணக்கு ஏமாறவில்லை: தண்ணீர் கலந்த பாலில் கொழுப்பின் பங்கு கலப்பதற்கு முன் இருந்த அதே 62 சதவீதம், ஏனெனில் நாம் சேர்த்த பொருளில் கலோரியே இல்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்த 62 அசையாது. புரதமோ 3.3 கிராமிலிருந்து 1.6 கிராமுக்கு விழுந்துவிடும். சமன்படுத்தப்பட்ட பாலில் அது 3.1 கிராமாக நிற்கிறது.

சமன்படுத்துதல் என்ற முறை பிறந்த கதையே இந்த வேறுபாட்டை விளக்கும். 1940-களில் பம்பாயின் ஆரே பால் திட்டத்தை நடத்திய தாரா குரோடி, கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில் தண்ணீரோடு கொழுப்பு நீக்கிய பால்பொடியையும் கலந்து, இருக்கும் பாலை அதிகம் பேருக்குக் குறைந்த விலையில் எட்டச் செய்தார். 1963-இல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டவர் அவர். இதயநோய்க்காகவோ உடல் எடைக்காகவோ கண்டுபிடிக்கப்பட்ட பால் அல்ல இது, பற்றாக்குறைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணீரால் நீர்த்துப்போன புரதத்தையும் சர்க்கரையையும் சுண்ணாம்புச் சத்தையும் பொடி ஈடுகட்டிவிடுகிறது. கொழுப்பு மட்டுமே குறைவாக நிற்கிறது. பால்காரர் செய்யும் கலப்புக்கும் ஆலை செய்யும் கலப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்தப் பொடிதான்.

நம் வீட்டு மோரிலும் இதே பாடம் இருக்கிறது. மோர் என்று நாம் இரண்டு பொருள்களைச் சொல்கிறோம். தயிரை மத்தால் கடைந்து, திரண்ட வெண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சுவது ஒன்று. தயிரில் நான்கு பங்காகும்படி தண்ணீர் விட்டுக் கரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போடும் நீர்மோர் இன்னொன்று. எடைக் கணக்கில் இரண்டிலுமே ஒரு சதவீதத்துக்கும் குறைவான கொழுப்புதான் இருக்கும். '99 சதவீதம் கொழுப்பற்றது' என்று இரண்டின் மேலும் எழுதலாம். கலோரிக் கணக்கில், கடைந்த மோரிலிருந்து கொழுப்பு உண்மையாகவே வெளியேறி வெண்ணெய்ச் சட்டிக்குப் போய்விட்டதால் பங்கு மிகவும் தாழ்ந்துவிடும். கரைத்த மோரிலோ, சமன்படுத்தப்பட்ட பாலில் உறையூற்றிய தயிர் என்றால் ஏறக்குறைய அதே 46 சதவீதம் அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில் கலோரிக் கணக்கின் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிடத் தோன்றும். ஆனால் அந்தக் கரைத்த மோர் ஒரு தம்ளரில், 200 மில்லியில், இருக்கும் கொழுப்பு ஒன்றரை கிராம். கலோரியில் 46 சதவீதம் கொழுப்பு என்பதைக் கேட்டு நீர்மோரைத் தள்ளிவைப்பவரைப் பார்த்து நாம் சிரிக்கத்தான் வேண்டும். பங்கு பெரிதாக இருப்பதற்கும் அளவு பெரிதாக இருப்பதற்கும் தொடர்பில்லை.

கலோரிக் கணக்கை ஏமாற்றவும் எளிய வழி ஒன்று இருக்கிறது: சர்க்கரை. நிறை கொழுப்புப் பால் 200 மில்லி ஒரு தம்ளரில் கொழுப்பு 12 கிராமுக்குச் சற்று மேல். மொத்தக் கலோரி 180. பங்கு 62 சதவீதம். அதில் இரண்டு சிறு கரண்டி, அதாவது சுமார் 10 கிராம் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினால் மொத்தம் 220 ஆகும். கொழுப்பின் பங்கு 62-லிருந்து 51-க்கு இறங்கிவிடும். ஒரு துளி கொழுப்பும் வெளியேறவில்லை, குடிப்பவர் 40 கலோரி கூடுதலாக எடுத்துக்கொண்டார், ஆனால் சதவீதம் 'மேம்பட்டிருக்கிறது'. நறுமணப் பால், சத்துமாவுப் பானம் போன்றவற்றைக் கலோரிப் பங்கை மட்டும் வைத்துச் சாதாரணப் பாலோடு ஒப்பிட்டால் இதே மயக்கம் வரும். தண்ணீர் எடைக் கணக்கை ஏமாற்றுகிறது. சர்க்கரை கலோரிக் கணக்கை ஏமாற்றுகிறது.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. பெரியவர்களின் உணவில் மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு 30 சதவீதமும், நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 சதவீதமும் தாண்டாமல் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு, 46 என்பது 30-ஐ விட அதிகம், ஆகவே சமன்படுத்தப்பட்ட பாலும் கூடாது என்று முடிவுக்கு வருபவர்கள் உண்டு. அந்த 30 ஒரு நாள் முழுவதும் உண்ணும் உணவுக்கான அளவு. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வைத்த அளவு அல்ல. சோற்றில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை, தேங்காயில் பெரும்பகுதி அதுவே. இரண்டும் ஒரே தட்டில் கலந்து நாளின் முடிவில் வரும் எண்ணைத்தான் 30-ஓடு ஒப்பிட வேண்டும்.

'இவ்வளவு சதவீதம் கொழுப்பற்றது' என்ற வாசகத்தைச் சட்டங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதும் நம் ஒப்பீட்டுக்கு உதவும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டின் உணவுக் கூற்று விதிமுறையில் இந்த வடிவத்தையே தடை செய்துவிட்டது. கொழுப்பற்றது என்று சொல்லலாம், இத்தனை சதவீதம் கொழுப்பற்றது என்று சொல்லக் கூடாது. அமெரிக்கா தடை செய்யவில்லை, ஆனால் ஒரு பரிமாறும் அளவில் 3 கிராமுக்கு மிகாத கொழுப்புள்ள உணவுகள் மட்டுமே அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டியது. அந்த நாட்டில் 2 சதவீதப் பாலை நெடுங்காலம் 'குறைந்த கொழுப்புப் பால்' என்று விற்றார்கள். ஒரு கோப்பையில் அதில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு. கலோரியில் 35 சதவீதம். மற்ற உணவுகளுக்கு வைத்த 3 கிராம் வரம்பைப் பாலுக்கும் வைத்தபோது அந்தப் பெயர் நிற்கவில்லை. 1998 முதல் அது 'கொழுப்பு குறைக்கப்பட்ட பால்' ஆயிற்று. பால் மாறவில்லை, பெயர்தான் மாறியது.

இந்தியாவில் 2018-ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் கூற்று விதிமுறைகள், 100 மில்லியில் அரை கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லாத திரவத்தையே கொழுப்பற்றது என்றும், ஒன்றரை கிராமுக்கு மேல் இல்லாததையே குறைந்த கொழுப்புள்ளது என்றும் சொல்ல அனுமதிக்கின்றன. அந்த அளவுகோலில் சமன்படுத்தப்பட்ட பால் குறைந்த கொழுப்புள்ள பால் அல்ல. இருமுறை சமன்படுத்தப்பட்டதோ வேடிக்கையான இடத்தில் நிற்கிறது: அதன் 1.5 சதவீதம் எடைக்கு. 100 மில்லி பாலின் எடை 103 கிராம் என்பதால் 100 மில்லியில் இருப்பது 1.55 கிராம் ஆகிறது. எல்லைக் கோட்டை மயிரிழை அளவில் தாண்டுகிறது. இந்த மயிரிழை யாருடைய உடலையும் பாதிக்காது, ஆனால் எடைக்கா கொள்ளளவுக்கா என்று கேட்காமல் ஒரு சதவீதத்தைப் படிக்கக் கூடாது என்பதற்கு நல்ல சான்று.

இனி முடிவெடுக்கும் வேலைக்கு வரலாம். என் கணக்கில், பால் வாங்குபவர் கடைசியாகக் கேட்க வேண்டியது சதவீதத்தை அல்ல, ஒரு நாளில் தன் வயிற்றுக்குள் போகும் கொழுப்பு எத்தனை கிராம் என்பதை. அதைக் கண்டுபிடிக்க எடைச் சதவீதம் தேவை. அதன் பயன் அந்தப் பெருக்கல் வரைக்கும்தான். கலோரிப் பங்கு அதற்கு அடுத்த கேள்விக்கு உதவுகிறது: உணவின் மொத்த அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பவர், பாலுக்கு ஒதுக்கும் கலோரியில் எவ்வளவு புரதமாகவும் எவ்வளவு கொழுப்பாகவும் திரும்பக் கிடைக்கிறது என்பதை அது சொல்லும்.

எங்கள் வீட்டு நிலையை வைத்தே பார்க்கிறேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலையும் மாலையும் காப்பி, இரவில் ஒரு தம்ளர் பால், மதியம் தயிர் என்று எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 400 மில்லி பால் அவர் கணக்கில் போகிறது. அதன் எடை 412 கிராம். நிறை கொழுப்புப் பாலானால் கொழுப்பு 25 கிராம்; பால் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது என்பதால் அதில் 16 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு 10 சதவீத வரம்பு என்பது 22 கிராம்தான்; பால் மட்டுமே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. அம்மா 2000 கலோரி உண்பதும் இல்லை. சமன்படுத்தப்பட்ட பாலானால் 12 கிராம் கொழுப்பு, 8 கிராம் நிறைவுற்றது. இருமுறை சமன்படுத்தியதானால் 6 கிராம் கொழுப்பு, 4 கிராம் நிறைவுற்றது. ஆரஞ்சுப் பாக்கெட்டிலிருந்து இருமுறை சமன்படுத்திய பாலுக்கு மாறினால் மிச்சமாகும் 18 கிராமுக்கு மேற்பட்ட கொழுப்பு, நான்கு சிறு கரண்டி நெய்க்குச் சமம். '94 சதவீதம் அற்றது', '98.5 சதவீதம் அற்றது' என்ற இரண்டு எண்களில் இந்த நான்கு கரண்டி நெய் கண்ணுக்கே தெரியாது.

அம்மாவின் யோசனை வேறாக இருந்தது. "ஆரஞ்சுப் பாலையே வாங்கு, காய்ச்சி ஆறினதும் ஏட்டை எடுத்துடறேன், கொழுப்பு போயிடும்" என்றார். இந்த வழியை நானும் நெடுநாள் நம்பினேன். ஏட்டோடு கொழுப்பு வெளியேறுவது உண்மை. ஆனால் எவ்வளவு வெளியேறியது என்று அளக்க வீட்டில் கெர்பர் குழாய் இல்லை. காய்ச்சிய நேரம், ஆறவைத்த விதம், குளிர்பதனப் பெட்டியில் வைத்த நேரம் ஆகியவற்றுக்கேற்ப அது நாளுக்கு நாள் மாறும். ஆலையில் ஒருபடித்தாக்கிய பாலானால், கொழுப்புத் துளிகள் நுண்ணியதாக உடைக்கப்பட்டுப் பால் முழுவதும் பரவி நிற்பதால், ஏடு மெலிதாகவே படியும். கொழுப்பின் பெரும்பகுதி உள்ளேயே இருந்துவிடும். எடுத்த ஏட்டைச் சேர்த்துவைத்து நெய் உருக்கி மறுபடி பருப்பில் ஊற்றுகிற வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், இந்தக் கணக்கு சுற்றிவந்து அதே இடத்தில் நிற்கிறது. தண்ணீர் கலப்பது என்ற வழியையும் மேலே பார்த்துவிட்டோம். ஒரு தம்ளருக்குக் கொழுப்பு பாதியாகும், கூடவே புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பாதியாகும். வயதானவர்களுக்குப் பால் எதற்காகத் தேவையோ அதையே நீர்க்கச் செய்வதால், அம்மாவைப் பொறுத்தவரை அது தகாது.

இருமுறை சமன்படுத்திய பாலின் பக்கம் ஒரு சாதகம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. அதற்கு விதிக்கப்பட்ட எஸ்.என்.எஃப் 9 சதவீதம், சமன்படுத்தப்பட்ட பாலுக்கோ 8.5. அதாவது கொழுப்பு பாதி, ஆனால் புரதம் சற்றே கூடுதல். கலோரிக் கணக்கில் கொழுப்பின் பங்கு 46-லிருந்து 29-க்கு இவ்வளவு வேகமாக இறங்குவதற்கு இதுவும் ஒரு சிறிய காரணம். ஏ, டி ஆகிய உயிர்ச்சத்துகள் கொழுப்போடு வெளியேறிவிடும் என்பது உண்மைதான்; அவற்றை மீண்டும் சேர்த்த பாலில் '+F' என்ற குறி இருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் போதும்.

ஆனால் இதே தீர்வை வீட்டில் எல்லோருக்கும் பொருத்துவது சரியல்ல. நான் குடிப்பது ஒரு நாளைக்கு ஒரு காப்பி. அதற்கு 100 மில்லி பால். நிறை கொழுப்புக்கும் சமன்படுத்தப்பட்டதற்கும் எனக்குள்ள வேறுபாடு 3 கிராம் கொழுப்பு, ஒரு சிறு கரண்டி எண்ணெயைவிடக் குறைவு. அதற்காகக் காலைக் காப்பியைத் தண்ணீராக்கிக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தோசைக்கல்லில் ஊற்றும் எண்ணெயில் அதைச் சரிக்கட்டிவிடலாம். கலோரிப் பங்கு எனக்கும் அம்மாவுக்கும் ஒரே 62-ஐத்தான் சொல்லும். கிராம் கணக்கு எனக்கு 6, அம்மாவுக்கு 25 என்று பிரித்துச் சொல்கிறது. அக்கா மகனுக்கு ஒன்றரை வயது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைத் தர வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. சிறிய வயிற்றில் வளர்ச்சிக்கான கலோரியைச் சேர்ப்பது கொழுப்புதான். அவனுக்குக் கலோரியில் பாதிக்கு மேல் கொழுப்பாக இருப்பது குறையே அல்ல; தாய்ப்பாலிலும் கலோரியில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது.

பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சத்து அட்டவணையில் கொழுப்பு எத்தனை கிராம் என்றிருக்கிறதோ அதை 9-ஆல் பெருக்கி, அதே நிரலில் உள்ள கலோரியால் வகுத்தால் பங்கு கிடைத்துவிடும். ஆனால் முகப்பில் இருக்கும் 3 சதவீதம் எடைக்கு, பின்புற அட்டவணை பெரும்பாலும் 100 மில்லிக்கு; இரண்டையும் கலந்து கணக்குப் போட்டால் சிறு பிழை வரும். மேலும், 3 என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். உள்ளே இருப்பது அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். என் கணக்கு 46 என்று சொல்லும் இடத்தில் உங்கள் பாக்கெட் 47 என்றோ 48 என்றோ காட்டினால் இரண்டுமே சரிதான்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பாக்கெட் வருகிறது. இருமுறை சமன்படுத்திய பால் அரை லிட்டர். அம்மாவின் காப்பி, இரவுப் பால், தயிர் மூன்றும் அதில்தான். ஆரஞ்சு அரை லிட்டர். அது குழந்தைக்கும் என் ஒரு காப்பிக்கும் அக்காவின் காப்பிக்கும். முதல் வாரம் தயிர் மெலிதாக இருக்கிறது என்று அம்மா முகம் சுளித்தார். உறையூற்றும்போது பாலைக் கொஞ்சம் கூடுதலாகச் சுண்டக் காய்ச்சுகிறார் இப்போது. தண்ணீர் வற்றுவதால் அந்தத் தயிரின் எடைச் சதவீதம் ஏறத்தாழ 2-க்கு உயர்ந்திருக்கும், கலோரிப் பங்கு அதே 29-இல் நிற்கிறது, அவர் உறையூற்றும் பாலில் உள்ள கொழுப்பு கிராமும் மாறவில்லை.